ரிப்போர்ட்டில் "1–2" என்று வந்தால்: ஆண் கருத்தடைக்குப் பின் விந்து பரிசோதனை

ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டு மூன்று மாதம் கழித்து லேபில் கொடுத்த விந்து பரிசோதனை ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கும். "விந்தணு இல்லை" என்று வந்தால் யாருக்கும் குழப்பமில்லை. "அசையும் விந்தணுக்கள் உள்ளன" என்று வந்தாலும் குழப்பமில்லை, ஆணுறையை விடக்கூடாது, அவ்வளவுதான். ஆளைத் தூங்கவிடாமல் செய்வது நடுவில் இருக்கும் வரி: "அசையாத விந்தணுக்கள், அங்கங்கே ஒன்றிரண்டு." இதைப் படித்துவிட்டு ஆபரேஷன் ஃபெயில் என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு, "செத்த அணுதானே" என்று அன்றைக்கே ஆணுறையைத் தூக்கி எறிகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். அந்த வரியைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். நீலகிரி போன்ற குளிர்ந்த ஊரில் அதோடு இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், குழாயை வெட்டிய பிறகும் அணு எங்கிருந்து வருகிறது? விதைப்பைக்குள், விதைக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் விந்துக்குழாய் வெட்டி அடைக்கப்படுகிறது. அந்த இடத்திலிருந்து குழாய் இடுப்பு மடிப்பு வழியாக ஏறி, சிறுநீர்ப்பையின் பின்பக்கம் போய், அங்கே கொஞ்சம் அகன்று, பிறகுதான் சிறுநீர்ப் பாதையில் திறக்கிறது. வெட்டுக்கு மேலே இருக்கும் இந்த நீளம் முழுக்க அறுவை நாளன்று அணுக்கள் நிறைந்திருக்கின்றன. அவை தானாகக் கரைந்து போவதில்லை, வெளியேற வேண்டும். அதற்கு நாளும் வேண்டும், விந்து வெளியேற்றமும் வேண்டும். பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் குறைந்தது 12 வாரம், 20 தடவை என்கிறது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2012-ல் வெளியிட்டது, 8 முதல் 16 வாரத்துக்குள் முதல் பரிசோதனை என்கிறது. நம் அரசு நடைமுறை மூன்று மாதம். திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீடு என்று இருப்பவருக்கு காலண்டரில் மூன்று மாதம் ஓடியிருக்கும், குழாய் காலியாகியிருக்காது. மனைவியோடு சேர்ந்தால்தான் கணக்கு என்பதும் இல்லை, எந்த வழியில் வெளியேறினாலும் சரி.

விந்தின் அளவையோ நிறத்தையோ பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அந்தத் திரவத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பது, அவற்றின் பாதை வெட்டப்படவே இல்லை. "பழையபடியேதான் வருது, அப்போ ஆபரேஷன் சரியில்லை" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதற்கு அடிப்படை கிடையாது.

இனி அந்த "ஒன்றிரண்டு" என்பதைப் பார்ப்போம். எதில் ஒன்றிரண்டு? லேபில் விந்தைக் கலக்கி 10 மைக்ரோலிட்டர் சொட்டை ஸ்லைடில் வைத்து, 22 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடி மூடியை மேலே போடுவார்கள். திரவம் சுமார் 20 மைக்ரான் தடிமனில் படர்ந்து நிற்கும். 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தைத்தான் ரிப்போர்ட்டில் எச்.பி.எஃப் என்று போடுகிறார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அந்த ஒரு வட்டத்துக்குள் இருக்கும் திரவம் ஏறக்குறைய 4 நேனோலிட்டர். அதாவது ஒரு மில்லி விந்து என்பது இரண்டரை லட்சம் வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஓர் அணு என்று சராசரி வந்தால், மில்லிக்கு இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கின்றன என்று பொருள்.

வழிகாட்டுதல்கள் வைத்திருக்கும் கோடு, மில்லிக்கு ஒரு லட்சம். அசையாத அணுக்கள் அந்த எண்ணுக்குள் இருந்து, அசையும் அணு ஒன்றுகூட இல்லையென்றால், மருத்துவர் ஆணுறையை நிறுத்தச் சொல்லலாம். ஒரு லட்சத்தை வட்டத்துக்கு மாற்றினால் 0.4. ஐந்து வட்டத்தில் இரண்டு அணு, 50 வட்டத்தில் 20 அணு. ஆகவே "ஒரு எச்.பி.எஃப்-க்கு 1–2" என்று எழுதியிருந்தால் பார்க்கக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் அது மில்லிக்கு இரண்டரை முதல் ஐந்து லட்சம், கோட்டுக்கு மேலே. "மொத்தம் 50 வட்டத்தில் 2 அணு" என்றால் மில்லிக்குப் பத்தாயிரம், கோட்டுக்கு வெகு கீழே. இரண்டு ரிப்போர்ட்டிலும் "2" என்ற அதே எண்தான் இருக்கும். ஒன்று இன்னும் காத்திரு என்கிறது, இன்னொன்று போதும் என்கிறது. எத்தனை வட்டம் பார்த்து இந்த எண் வந்தது என்று லேபில் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல டெக்னீஷியன் உடனே சொல்வார். "அக்கேஷனல்" என்று மட்டும் போட்டிருந்தால் கேட்டே ஆக வேண்டும், அந்த வார்த்தைக்கு லேபுக்கு லேப் அளவு வேறு.

சிலர் எண்ணும் அறை கொண்ட தடிமனான கண்ணாடியை, நியூபார் சேம்பரை, வைத்து எண்ணுவார்கள். அதில் ஆழம் 0.1 மில்லிமீட்டர், ஒரு பெரிய சதுரத்தில் 0.1 மைக்ரோலிட்டர். விந்தில் வேறு திரவம் எதுவும் கலக்காமல் அப்படியே எண்ணினால் ஒரு பெரிய சதுரத்துக்குப் பத்து அணு என்பதுதான் ஒரு லட்சம். ஒன்பது சதுரத்திலும் சேர்த்து ஒன்றிரண்டு என்றால் ஆயிரக்கணக்கில்தான் வரும்.

ஒரு லட்சம் என்றதும் பயமாக இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்: குழந்தை பெற்ற ஆண்களிடம் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த கீழ்வரம்பு மில்லிக்கு 1.6 கோடி. நாம் பேசும் கோடு அதில் நூற்று அறுபதில் ஒரு பங்கு, அதிலும் அசையாதவை. இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 50 வட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் விந்தில் பூஜ்யம் என்று அது நிரூபிப்பதில்லை. பார்த்தது மொத்தம் 0.2 மைக்ரோலிட்டர்தான், மீதியில் மில்லிக்குப் பதினைந்தாயிரம் வரை ஒளிந்திருக்க முடியும். "இல்லை" என்பதற்கும் "மிகச் சில, அசையாதவை" என்பதற்கும் இடையே மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பெரிய மதில் எதுவும் கிடையாது. அதனால்தான் இரண்டுக்கும் பிறகு கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பை ஒரே மாதிரி, சுமார் 2,000-க்கு ஒன்று என்று சொல்கிறார்கள்.

விந்தைச் சுழற்றி அடியில் படியும் வண்டலைப் பார்க்கும் முறை குழந்தையின்மை பரிசோதனைக்கு அவசியம். இங்கே தேவையில்லை. சுழற்றினால் அரிதாகக் கிடக்கும் ஓரிரு பழைய அணுவும் மாட்டும், வீட்டில் தூக்கம் கெடும், சிகிச்சை மாறாது. சுழற்றும் வேகமே அசைவைக் கெடுக்கவும் செய்யும். ஆகவே பரிசோதனைச் சீட்டில் வெறும் "விந்து பரிசோதனை" என்று எழுதாமல் "ஆண் கருத்தடைக்குப் பின், சுழற்றாத மாதிரி, 50 வட்டம்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் குழந்தையின்மைக்கான படிவத்திலேயே அச்சடித்து, கீழே, விந்தில் அணுவே இல்லை என்று பொருள்படும் "அசூஸ்பெர்மியா" என்ற சொல்லைக் குறைபாடு போல எழுதிக் கொடுப்பார்கள். இந்த வாசலில் நிற்பவருக்கு அதைவிட இனிப்பான சொல் கிடையாது.

எண்ணிக்கை ஒரு பாதி. மறுபாதி அசைவு. மலையில் பெரும்பாலான குளறுபடி இங்கேதான்.

ஓர் உதாரணத்தோடு போவோம். கோத்தகிரிப் பக்கத்து ஊர், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றும் டிரைவர், வயது 38, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் நடுவில் தழும்பில்லாத முறையில் அறுவை. ஜனவரி இரண்டாம் வாரம், பன்னிரண்டு வாரம் முடிந்ததும், காலை ஆறரைக்கு வீட்டில் மாதிரி எடுத்து, டப்பாவை ஜெர்கினின் வெளிப்பாக்கெட்டில் போட்டு, பைக்கில் குன்னூர் வருகிறார். பனி கொட்டுகிற காலம், புல் வெளுத்துக் கிடக்கிறது. லேப் திறந்து, வரிசை நகர்ந்து, டெக்னீஷியன் ஸ்லைடு போடும்போது மணி பத்து. ரிப்போர்ட்: அளவு 2.2 மில்லி, விந்தணு எச்.பி.எஃப்-க்கு 1–2, அசைவு இல்லை.

இந்த ரிப்போர்ட் சொல்வது ஒன்றே ஒன்று: இன்னும் அணு இருக்கிறது. அசைவு பற்றி அது சொல்வதை நம்ப முடியாது. விந்தணு உடல் வெப்பத்தில் நீந்தும் பொருள். மாதிரி 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில டிகிரி குளிரில் ஒரு மணி நேரப் பயணம், அதன் மேல் காத்திருப்பு, கடைசியில் சில்லென்ற கண்ணாடி ஸ்லைடு என்று போனால், நல்ல அணுவும் விறைத்து நின்றுவிடும். குளிரே படாவிட்டாலும் மூன்றரை மணி நேரத்தில் அசைவு சரிந்துவிடும். அணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதற்கு நான்கு மணி நேரம் வரை பொறுக்கலாம் என்பது பிரிட்டன் விதி. இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அசைகிறதா என்று பார்க்க அடுத்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்க வேண்டும். அமெரிக்க விதி பொதுவாக இரண்டு மணி நேரம். ஆக, சமவெளிக்காரரை விட நமக்கு "அசைவில்லை" என்ற சொல் எளிதாகக் கிடைக்கும், அந்த அளவுக்கு அதன் மதிப்பும் குறைவு.

வழி எளிதுதான்: லேபிலேயே எடுத்துக் கொடுப்பது. அறை கொடுக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். வீட்டிலிருந்துதான் முடியும் என்றால் டப்பாவைச் சட்டைக்கு உள்ளே, பனியனை ஒட்டி, ஸ்வெட்டர் மேலே மூடியிருக்கும்படி வைத்து, வெயில் ஏறிய பிறகு கிளம்ப வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி அதில் டப்பாவை முக்கிக் கொண்டுபோவது குளிரைவிட மோசம். 37 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் அணு செத்தே போகும், அந்தச் சேதம் திரும்பாது. குளிரில் நின்றது பல சமயம் சூடு காட்டினால் திரும்ப அசையும். அதனால் டிசம்பர், ஜனவரியில் மாதிரியையும் ஸ்லைடையும் இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைத்துவிட்டுப் பார்ப்பது நல்ல லேபின் வழக்கம். லேப் கொடுக்கும் உலர்ந்த, அகன்ற வாய் டப்பா மட்டுமே. கழுவிய மருந்து பாட்டிலில் சோப்பு மிச்சமிருந்தாலும், சாதாரண ஆணுறையில் பிடித்து ஊற்றினாலும், எண்ணெயோ எச்சிலோ பட்டாலும் அணு அசைவை இழக்கும். கொஞ்சம் சிந்திவிட்டால், அதுவும் முதல் துளிகள் தவறிவிட்டால், லேபில் சொல்லிவிடுங்கள், ஏனெனில் அணு அதிகம் வருவது அந்த முதல் பகுதியில்தான். அதைத் தவறவிட்ட மாதிரியில் "இல்லை" என்று வந்தால் அதை நம்பக்கூடாது. எடுப்பதற்கு முன் இரண்டு நாளாவது, அதிகபட்சம் ஏழு நாள் இடைவெளி இருந்தால் சரி.

மைக்ராஸ்கோப் பக்கத்திலும் தவறு நடக்கும். ஸ்லைடு போட்டதும் திரவம் ஒருபக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், அதில் மிதக்கும் செத்த அணுவும் போகிற மாதிரி தெரியும். ஒரு நிமிடம் ஓட்டம் நிற்கும்வரை பொறுத்து, பிறகு வாலைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது: முன்னே நகராமல், இருந்த இடத்திலேயே வாலை மட்டும் துடிக்கும் அணுவை "அசையாதது" கணக்கில் சேர்த்துவிடுவது. நகராவிட்டாலும் வால் அடித்தால் அது அசையும் அணு. சந்தேகம் வந்தால் இயோசின் சாயம் ஒரு துளி கலந்து பார்ப்பார்கள், உயிரற்றது சிவப்பை உறிஞ்சும், உயிருள்ளது நிறமில்லாமல் நிற்கும்.

அசைவுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? வெட்டுக்கு மேலே தேங்கிய பழைய அணுக்கள் சில வாரங்களில் அசைவை இழந்துவிடும். மூன்று மாதம் கழித்து அசையும் அணு ஒன்று தென்பட்டால் அது அன்றைக்குத் தேங்கியதாக இருக்க வாய்ப்பில்லை, புதிதாக வந்தது. வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே, கசிந்த அணுக்களைச் சுற்றி உருவாகும் சிறு கட்டியின் ஊடாக நுண்ணிய வழிகள் திறந்துகொள்வது உண்டு. அறுவை செய்த கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இது நேரலாம். சில வழிகள் பிறகு தழும்பேறித் தாமாகவே அடைபட்டும் போகும். அதனால் மூன்றாம் மாதத்தில் அசைவு தெரிந்தவுடன் மறுபடி கத்தியைத் தூக்குவதில்லை. ஆணுறையோடு தொடர்ந்து, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வந்து, ஆறு மாதத்திலும் அசைகிறது என்றால்தான் அறுவை தோல்வி, மறுபடி செய்ய வேண்டும். இந்த நிலைக்கு வருகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு.

நம் டிரைவருக்கு வருவோம். ஜனவரி ரிப்போர்ட்டில் எண்ணிக்கையும் கோட்டுக்கு மேலே, அசைவும் நம்பத்தக்கதல்ல. ஆகவே ஆணுறை தொடர்கிறது, குழாய் காலியாக இன்னும் ஐந்து வாரம் கொடுக்கிறார்கள். பிப்ரவரி நடுவில், மூன்று நாள் இடைவெளிக்குப் பின், இந்த முறை லேபிலேயே எடுத்துக் கொடுக்கிறார். நாற்பதாவது நிமிடத்தில் வெதுவெதுப்பான ஸ்லைடில் பார்க்கிறார்கள். 50 வட்டத்தில் மொத்தம் மூன்று அணு, ஒன்றும் அசையவில்லை. கணக்கு: மூன்றைப் பங்கிட்டால் வட்டத்துக்கு 0.06, அதை இரண்டரை லட்சத்தால் பெருக்கினால் மில்லிக்கு 15,000. எண்ணியது மூன்றே என்பதால் உண்மையான அளவு முன்பின் இருக்கும், ஆனால் மோசமாகப் போனாலும் 45,000 சுற்றில்தான், ஒரு லட்சத்துக்குப் பாதியும் இல்லை. முந்தையதை விடப் பல மடங்கு குறைந்திருப்பதும் குழாய் காலியாகி வருகிறது என்பதையே காட்டுகிறது. வழிகாட்டுதல்படி மருத்துவர் இப்போது ஆணுறையை நிறுத்தலாம் என்று சொல்ல முடியும்.

ஆனால் சான்றிதழ் வேறு விஷயம். அரசு முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ செய்துகொண்டவருக்குக் கருத்தடைச் சான்றிதழ், மூன்று மாதம் கழித்து விந்தில் அணு இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகே தரப்படுகிறது. "சில, அசையாதவை" என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. இதில் மருத்துவரோடு வாதாடிப் பயனில்லை, அவர் கையெழுத்திடுவது அந்த வாசகத்துக்குக் கீழே. மார்ச் கடைசியில் இன்னொரு மாதிரி கொடுத்து, "இல்லை" என்று வாங்கிச் சான்றிதழைப் பெறுவதே நல்லது. வாங்கிய சான்றிதழோடு எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் பத்திரப்படுத்துங்கள். பின்னால் கர்ப்பம் ஏற்பட்டு அரசிடம் இழப்பீடு கேட்க நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்கள்தான்.

ஆறு மாதம் தாண்டியும் அசையாத அணுக்கள் ஒரு லட்சத்துக்கு மேலேயே நிற்கும் சிலர் உண்டு. இவர்களுக்கு ஒற்றை விடை கிடையாது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எண் இறங்கிக்கொண்டு வருகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். இறங்கி வந்தால் பொறுக்கலாம். நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுப்பது இதற்காகத்தான், வேறு வேறு லேப் எண்ணை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் யாருடையது என்று தெரியாது.

அந்த 2,000-க்கு ஒன்று என்பது யாருக்கோ நேரத்தான் செய்யும், சில வருடம் கழித்தும் நேரும். மனைவிக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர் பரிசோதனை அட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, உறுதியானால் அதே வாரம் கணவர் மாதிரி கொடுக்க வேண்டும். அதில் அசையும் அணு இருந்தால் குழாய் திறந்துகொண்டது என்று தெரியும். இல்லை என்று வந்தால் அதை வைத்து மனைவி மீது பழி போடக் கூடாது. திறந்த வழி மறுபடி மூடிக்கொள்ளும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். விந்தில் அணுவே தென்படாமல் இருந்தும், மரபணுச் சோதனையில் குழந்தை அவர்களுடையதுதான் என்று உறுதியான ஆண்களைப் பற்றி 1994-ல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது.